சும்மா கிடக்கிற காசு யாருக்காக உழைக்கிறது?



"ஆப்பில ஹலால் எண்டு போட்டிருக்கு, பிறகென்ன?" வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகளிடம் அவர்களுடைய தானியங்கி முதலீட்டுக் கணக்கைப் பற்றிக் கேட்டால் வருகிற பதில் இதுதான். மாதாமாதம் காசு போட்டால் போதும். எதை வாங்குவது, எப்போது விற்பது என்பதைக் கணினி நிரல் பார்த்துக்கொள்ளும். இங்கிருந்தும் சிலர் காக்காமாரின் கணக்கில் தங்கள் பங்கையும் சேர்த்துவிடுகிறார்கள்.

அந்தக் கம்பனி சாராயம் விற்கிறதா, இந்தக் கம்பனிக்கு வட்டிக் கடன் எவ்வளவு என்று இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் அதே கணக்கில் பங்காக இல்லாமல் வெறும் காசாகக் கிடக்கும் பகுதி இரவில் எங்கே தங்குகிறது என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. எங்கள் சண்டை அதைப் பற்றியதுதான்.

காசு எப்படிச் சேர்கிறது என்று முதலில் பார்ப்போம். நிரல் திங்கட்கிழமை ஒரு பங்கை விற்கிறது என்று வையுங்கள். அமெரிக்கச் சந்தையில் 2024 மே மாத இறுதியிலிருந்து அந்தக் காசு அடுத்த வேலைநாளில் கைக்கு வரும். அதற்கு முன் இரண்டு நாள் எடுத்தது. காசு வந்ததும் நிரல் உடனே வேறு பங்கை வாங்கலாம், அல்லது வாங்காமல் விடலாம். கம்பனிகள் தரும் இலாபப்பங்கு சொட்டுச் சொட்டாக வந்து, ஒரு குறிப்பிட்ட தொகை சேரும்வரை காத்திருக்கலாம். கட்டணத்துக்கென்று கொஞ்சம் ஒதுக்கியும் வைக்கலாம். இந்த இடைவெளிகளில் காசு சும்மா இருப்பதாகத்தான் திரையில் தெரியும். உண்மையில் பெரும்பாலான கணக்குகளில் அன்று மாலையே அது கூட்டி அள்ளப்பட்டு ஒரு வங்கி வைப்புக்கோ பணச்சந்தை நிதியத்துக்கோ போய்விடும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே துடைப்பத்தை நினைவூட்டுவது: Cash Sweep.

எங்கே அள்ளிப் போடுவது என்பதை நிரல் யோசித்து முடிவெடுப்பதில்லை. நிரலை எழுதுவதற்கு முன்பே, கம்பனியின் வருமானத்தைக் கணக்குப் பார்த்து மனிதர்கள் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

இது எங்கள் சந்தேகம் மட்டும் அல்ல. அமெரிக்காவின் சார்ல்ஸ் ஷ்வாப் நிறுவனம் 2015இல் ஒரு தானியங்கி முதலீட்டுச் சேவையைத் தொடங்கியது. ஆலோசனைக் கட்டணம் இல்லை என்பதுதான் பெரிய விளம்பரம். ஆனால் ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு பகுதி காசாகவே இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். குறைந்தது 6 வீதம், சில திட்டங்களில் 30 வீதம் அளவுக்கு. அந்தக் காசு ஷ்வாப்பின் சொந்த வங்கிக்குப் போனது. வங்கி அதைக் கடனாகக் கொடுத்துக் கூடிய வட்டி வாங்கியது, வாடிக்கையாளருக்குக் குறைந்த வட்டி கொடுத்தது, இடையில் உள்ளதைத் தான் வைத்துக்கொண்டது. பெரும்பாலான சந்தை நிலைமைகளில் இந்தக் காசுப் பகுதி வாடிக்கையாளரின் இலாபத்தைக் குறைக்கும் என்பதை நிறுவனத்தின் சொந்தத் தரவுகளே காட்டின என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சொன்னது. 2022 ஜூனில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், 187 மில்லியன் டொலர் செலுத்த ஷ்வாப் இணங்கியது.

சிறிய கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். இலக்கங்கள் எங்கள் உதாரணத்துக்காக. 10,000 டொலர் கணக்கில் 10 வீதம், அதாவது 1,000 டொலர், காசாகக் கிடக்கிறது. வங்கி அதை 4.5 வீதத்துக்குக் கொடுத்து வருடம் 45 டொலர் உழைக்கிறது. உங்களுக்கு அரை வீதம், 5 டொலர், தருகிறது. மிச்சம் 40 டொலர். முழுக் கணக்கோடு ஒப்பிட்டால் இது 0.4 வீதக் கட்டணம். இலவசம் என்று சொன்ன கணக்குக்கு நீங்கள் கட்டிய கட்டணம் அது, ஆனால் எந்தப் பற்றுச்சீட்டிலும் வராது.

இப்போது எங்கள் ஆட்களின் கதைக்கு வருவோம். "நாங்கள் அந்த 5 டொலரையும் எடுப்பதில்லை, வட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நல்லது, அல்லாஹ் நிய்யத்தைப் பொருந்திக்கொள்ளட்டும். ஆனால் காசு அதனால் வங்கியை விட்டு வெளியே வரவில்லையே! அது அதே வட்டிக் கடனாகத்தான் போகிறது. ஒரேயொரு வித்தியாசம், முன்பு 40 டொலர் வைத்துக்கொண்டவனுக்கு இப்போது 45 டொலர் கிடைக்கிறது. ரிபாவை விட்டு ஒதுங்கினோம் என்று நினைத்துக்கொண்டு ரிபா வியாபாரிக்கு 5 டொலர் ஹதியா கொடுத்திருக்கிறோம். சேர்ந்த வட்டியை நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று உலமாக்கள் பலர் சொல்வதில் இருக்கும் நியாயம் இங்கேதான் விளங்குகிறது. அப்படியாவது அந்த 5 டொலர் ஒரு குமர்ப் பிள்ளையின் கலியாணச் செலவுக்குப் போகும்.

இன்னொரு வேடிக்கை. ஒரு கம்பனியின் மொத்த வருமானத்தில் ஆகாத வருமானம் 5 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஆஃயோஃபி அமைப்பின் ஷரீஆ நியமம் சொல்கிறது. அந்த அளவுகோலால் ஊரான் கம்பனியை எல்லாம் அளக்கிறோம். எங்கள் சொந்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்கு வட்டி வைப்பில் கிடப்பதை அளக்க ஒரு அளவுகோலும் இல்லை.

ஹலால் என்ற பெயர்ப்பலகையே போதும் என்பவர்களுக்கு வாஹித் நிறுவனத்தின் கதையை நினைவூட்டுகிறோம். முஸ்லிம்களுக்கென்றே தொடங்கிய தானியங்கி முதலீட்டு நிறுவனம் அது. 2022 பெப்ரவரியில் அதே ஆணைக்குழு அதன் அமெரிக்கக் கிளைக்கு 300,000 டொலர் தண்டம் விதித்தது. குற்றச்சாட்டுகளில் ஒன்று, வருமானத்தைத் தூய்மைப்படுத்துவதாக விளம்பரம் செய்துவிட்டு, ஷரீஆ விதிகள் தொடர்ந்து பேணப்படுகின்றனவா என்று உறுதிசெய்யும் எழுத்துமூல நடைமுறைகளை வைத்திருக்கவில்லை என்பது. முஸ்லிம் நிறுவனத்தைக் குறை சொல்லலாமா என்று சிலர் கோபப்படுவார்கள். தராசைச் சரியாகப் பிடி என்று கட்டளையிட்ட மார்க்கத்தில் முஸ்லிம் கடைக்காரனுக்கு மட்டும் விதிவிலக்கு இருக்கிறதா என்ன?

காசு வைத்திருப்பதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் வீட்டு வேலைக்குக் காசு எடுக்க வேண்டியவர் அதைப் பங்கில் போடாமல் வைப்பதுதான் புத்தி. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவர்தான். இந்தியாவில் தரகரிடம் பயன்படாமல் கிடக்கும் வாடிக்கையாளர் காசை, வாடிக்கையாளர் தெரிவுசெய்தபடி மாதம் ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோ அவருடைய வங்கிக் கணக்குக்கே திருப்பிவிட வேண்டும் என்று செபி விதி வைத்திருக்கிறது. பேசாமல் இருந்தால் காசு வீட்டுக்கு வரும் என்பது அங்குள்ள நிலை. ஆப்புக்காரர்களிடம் பேசாமல் இருந்தால் அது அவர்களுடைய வங்கிக்குப் போகும்.

ஆகவே அடுத்த தடவை காக்காவோடு வாட்ஸ்அப்பில் பேசும்போது மாதாந்த அறிக்கையைத் திறக்கச் சொல்லுங்கள். Bank Sweep, Money Market, Uninvested Cash என்று ஏதாவது வரி இருக்கும். அதன் பக்கத்திலுள்ள தொகை மொத்தத்தில் எத்தனை வீதம் என்று பாருங்கள். மூன்று மாத அறிக்கையை அடுக்கி வைத்துப் பார்த்தால் அந்த வீதம் ஒரே அளவில் நிற்கிறதா என்று தெரியும். ஏறி இறங்கினால் அது வாங்கல் விற்றலுக்கு இடையில் தங்கிய காசு. அசையாமல் நின்றால் யாரோ வேண்டுமென்றே நிறுத்தி வைத்த காசு. Interest என்ற வரி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: காசு எந்த வங்கியில் இருக்கிறது, அந்த வங்கி யாருடையது, அதிலிருந்து நீங்கள் எவ்வளவு உழைக்கிறீர்கள், காசின் இலக்கை ஒரு வீதத்துக்குக் கீழே இறக்க முடியுமா, விற்ற காசு வந்ததும் எங்கள் வங்கிக்கு அனுப்ப முடியுமா? சிலர் சுகூக் நிதியத்துக்கு மாற்றித் தருவதாகச் சொல்வார்கள். அது வைப்பு அல்ல, விலை இறங்கலாம், எடுக்கவும் ஓரிரு நாள் பிடிக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். இங்கே கொழும்புப் பங்குச்சந்தையில் விற்பவர்கள், காசு வந்ததும் தரகரிடம் விட்டு வைக்காமல் அமானா வங்கியில் உள்ள தங்கள் முழாரபாக் கணக்குக்கு அனுப்பச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பதில் எழுத்தில் வராவிட்டால், அந்தப் பெயரை எங்களுக்குக் கொமெண்டில் போடாதீர்கள். காசை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.