காலிக் கண்டெய்னரும் டிரைவரின் கையெழுத்தும்

1925ஆம் ஆண்டின் சட்டத்தை அகற்றிவிட்டு 2025இல் நமது பார்லிமெண்டு நிறைவேற்றிய கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தை, ஒரு நூற்றாண்டுக் காலத்து மாறுதல்களுக்கெல்லாம் அதில் இடம் இருக்கும் என்ற நம்பிக்கையோடு முதலிலிருந்து கடைசிவரை வாசித்த எமக்கு, அதன் அட்டவணையின் மூன்றாம் விதியை எட்டியபோது ஏற்பட்ட ஏமாற்றத்தை மறைத்துக்கொள்ள விருப்பமில்லை. சரக்கறைகள், குளிரறைகள், சரக்கு வைக்கப்படும் கப்பலின் ஏனைய பகுதிகள் ஆகியவற்றைச் சரக்கை ஏற்பதற்கும் காப்பதற்கும் தகுதியாக வைத்திருக்க வேண்டியது கப்பல்காரரின் கடமை என்று கண்டெய்னர் என்னும் பொருளே பிறவாத காலத்தில் ஹேக் விதிகளில் எழுதப்பட்ட அதே வாசகம் இன்றும் அப்படியே நிற்கிறது. ஷிப்பிங் லைன் தன் யார்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பெட்டி அந்தக் கடமைக்கு உட்பட்டதா, அல்லவா என்ற கேள்விக்குச் சட்டம் வாய் திறக்கவில்லை.

இது புதுமையாக நாம் எழுப்பும் கேள்வியும் அன்று. 2008இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட ராட்டர்டாம் விதிகளின் பதினான்காம் பிரிவு, கப்பல்காரர் வழங்கும் கண்டெய்னர்களையும் அந்தக் கடமைக்குள் தெளிவாகச் சேர்த்திருக்கிறது. அவ்விதிகள் இன்னும் அமலுக்கு வரவில்லை என்பதும், அவற்றை முழுமையாக ஏற்க நம் அரசுக்குத் தயக்கம் இருக்கலாம் என்பதும் எமக்குத் தெரியும். ஆயினும் பயனுள்ள ஒரு சொற்றொடரை மட்டும் எடுத்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இருந்ததாகத் தோன்றவில்லை. சட்டம் மௌனமாக இருக்குமிடத்தில் பேசுவது பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கத்துச் சிற்றெழுத்து. ஏற்றுமுன் பெட்டியைப் பரிசோதிப்பது ஏற்றுமதியாளரின் பொறுப்பு என்றும், அவர் அதில் சரக்கை ஏற்றியதே பெட்டி குறையின்றி இருந்ததற்கு முதல்நோக்குச் சாட்சியம் என்றும் பல லைன்களின் ஷரத்துகள் கூறுகின்றன. ஆகவே ஸ்டஃபிங்குக்கு முந்திய அந்த ஒரு மணி நேரத்தில் நாம் கண்டது என்ன, எழுதிவைத்தது என்ன என்பதே பிற்பாடு வழக்கின் கதியை நிர்ணயிக்கும் விஷயமாகிறது.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் ஏற்றுமதியாளரின் கிடங்குக்குத் தூத்துக்குடி யார்டிலிருந்து இருபது அடிப் பெட்டி ஒன்று காலை ஏழு மணிக்கு வந்து சேருகிறது, சுமைக்காரர்கள் காத்திருக்கிறார்கள், மறுநாள் மாலைக்குள் பெட்டி துறைமுகத்தில் நுழைந்தாக வேண்டும். வெளிப்புறத்தைச் சுற்றிப் பார்ப்பதில் அனுபவமுள்ள எவரும் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. புதிதாக ஒட்டுப்போட்ட இடங்களையும், பழைய அபாய லேபிள்களையும், கதவின் கீழ் கேஸ்கெட்டையும் கண்டால் போதும். நுணுக்கமான வேலை கதவைத் திறக்கும் கணத்தில் தொடங்குகிறது. இரவெல்லாம் மூடியிருந்த பெட்டியின் முதல் மூச்சிலேயே மணம் தெரிந்துவிடும். இரண்டு நிமிஷம் கழிந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். ஆனால் இந்த முதல் மோப்பத்தை வாசலில் நின்றபடியே செய்ய வேண்டும். முந்திய சரக்குக்குப் புகையூட்டியிருந்தால் அதன் எச்சம் உள்ளே தங்கியிருக்கலாம். மீதைல் புரோமைடுக்கு மணமே கிடையாது என்பதால் நாற்றமில்லை என்பது அபாயமில்லை என்பதற்குப் பிரமாணமாகாது. கதவுகளை நன்றாகத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகே ஆள் உள்ளே போகலாம்.

அடுத்தது வெளிச்சப் பரிசோதனை. ஒருவர் உள்ளே நிற்க, மற்றொருவர் வெளியே கதவைச் சாத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாழ்க்கோலை மட்டும் எக்காரணத்தை முன்னிட்டும் போடக் கூடாது. நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு, கதவு மூடிய கணமே அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று வெளியே வந்துவிடுவதாகும். கண் இருளுக்குப் பழக ஐந்து நிமிஷமாவது தேவை. அதற்குப் பிறகுதான் ஊசித்துளைகள் நட்சத்திரங்களைப்போல் ஒவ்வொன்றாகப் புலப்படும். கிரேன் உராய்ந்த கூரை மூலைகள், சுவரின் நெளிவு முனைகள், கதவின் நான்கு ஓரங்கள், தரையும் சுவரும் சந்திக்கும் கோடு ஆகிய இடங்களில்தான் அவை அதிகம் இருக்கும். நம் உதாரணப் பெட்டியில் முன்பக்க இடது மூலையில் கூரையில் இரண்டு புள்ளிகள் தெரிகின்றன என்று கொள்வோம். சி.எஸ்.சி. தகடு ஒழுங்காக இருக்கிறதே என்று சமாதானம் சொல்பவர்கள், அந்தத் தகடு கட்டமைப்பின் வலிமைக்கு ஜவாப்தாரியே ஒழிய மழை ஒழுகாது என்பதற்கு அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

துளை கண்ணுக்குத் தெரியும். தரையின் ஈரமோ கண்ணை ஏமாற்றும். யார்டில் கழுவி உடனே அனுப்பப்பட்ட பெட்டியின் ப்ளைவுட் மேற்பரப்பு வழியிலேயே காய்ந்துவிட, அடியடுக்குகளில் நீர் தேங்கியிருக்கும். இருபது அடிப் பெட்டியின் தரை ஏறக்குறைய பதினான்கு சதுர மீட்டர். பலகையின் கனம் 28 மில்லிமீட்டர். உலர்ந்த நிலையில் மரத்தின் எடை சுமார் 240 கிலோ. காபி, கொக்கோ வணிகத்தில் தரையின் ஈரம் 18 சதவீதத்தைத் தாண்டலாகாது என்று பொதுவாகக் கொள்வதுண்டு. நம் மீட்டர் 28 காட்டினால், அந்தப் பத்துச் சதவீத வித்தியாசம் ஏறக்குறைய 24 லிட்டர் நீராகும். அத்தனை நீரும் பகல் வெப்பத்தில் ஆவியாகி, இரவில் குளிர்ந்த கூரையின் அடியில் படிந்து, மேல்வரிசை மூட்டைகள்மீது சொட்டுவதற்கு ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கடல் பிரயாணம் தாராளமான அவகாசமாகும். ஆகவே மீட்டரின் ஊசியைக் கதவருகில் ஓரிடத்தில் மட்டும் குத்திப் பார்ப்பதில் பயனில்லை. கதவருகிலும், நடுவிலும், முன்சுவரின் ஓரத்திலும், கறை தெரியும் இடங்களிலும் ஆழ அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் வெயிலில் திறந்துவைத்தால் மேற்பரப்பு காயும், எண் குறையும், சரக்கும் ஏறிவிடும். அடியில் உள்ள நீர் மட்டும் அங்கேயே இருக்கும்.

இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே எம் அபிப்பிராயம். முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வாடகையும் சுமைக்காரர்களின் ஒரு நாள் கூலியும் கிடங்கு மானேஜரின் மனத்தைக் கலைக்கும் என்பதை அறியாமல் இதைச் சொல்லவில்லை. துளைக்கு டேப் ஒட்டி ஏற்றிவிடலாம் என்பது அவருக்குத் தோன்றும் முதல் யோசனையாக இருக்கும். டேப் கூரையின் சூட்டில் உரிந்துவிடும் என்பது ஒருபுறமிருக்க, குறையை அறிந்தே ஏற்றினீர்கள் என்பதற்கு அந்த டேப்பே எதிராளியின் கையில் சாட்சியாகிவிடும். அடைத்துப் பயன்படுத்தலாம் என்று லைன் எழுத்துமூலம் சம்மதித்தாலன்றி அதைத் தொடவே கூடாது. மணமும் தரை ஈரமும் அத்தகைய சம்மதத்தாலும் தீராதவை.

பதிவில் 'டேமேஜ் உள்ளது' என்று எழுதுவது ஒன்றும் எழுதாததற்குச் சமானம். பெட்டியின் எண் தெரியும் படமும், அதே தொடர்ச்சியில் குறையின் படமும், நேரமும் வேண்டும். இடது, வலது என்பவை கதவை நோக்கி வெளியே நிற்பவரின் இடது, வலது என்று சொல்லிவிட்டு, 'கூரை, முன்சுவரிலிருந்து முதல் நெளிவு, இடது மூலையில் இரண்டு துளைகள். தரை, நடுவில் ஈரம் 28, முன்பக்கம் 26' என்ற விதமாக எழுத வேண்டும். குறை ஏதும் இல்லாத பெட்டிக்கும் எண்கள் வேண்டும். 'தரை ஈரம் மூன்று இடங்களில் 14, 15, 14' என்ற ஒரு வரிக்கு, 'நன்று' என்ற முத்திரையைவிட எவ்வளவோ மதிப்புண்டு. இந்தக் குறிப்பு முதல் மூட்டை ஏறுமுன் லைனுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் நம் கட்சியைப் பலவீனப்படுத்தும் காகிதம் ஒன்று உண்டு. அதைப் பற்றி இந்தப் பக்கங்களில் முன்பும் பிரஸ்தாபித்திருக்கிறோம். யார்டின் வாசலில் பெட்டியை எடுக்கும் டிரைவரிடம் நீட்டப்படும் இ.ஐ.ஆர். சீட்டைத்தான் சொல்கிறோம். பெட்டி உள்ளும் புறமும் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது என்ற வாசகம் அதில் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். நேரம் பெரும்பாலும் நள்ளிரவு. வெளிச்சப் பரிசோதனைக்குச் சூரியன் வேண்டும், மோப்பத்துக்கு மூடிய பெட்டி வேண்டும், தரைக்கு மீட்டர் வேண்டும். இம்மூன்றும் இல்லாத ஒரு மனிதரிடம், அவர் படித்தறிய இயலாத ஆங்கிலத்தில், இம்மூன்றையும் செய்து முடித்ததாகக் கையெழுத்து வாங்குவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? கையெழுத்திட மறுத்தால் வண்டி வெளியேறாது; வெளியேறாவிட்டால் அன்றைய படி இல்லை. ஈரோட்டில் காலையில் கண்ட துளையை 'வழியில் உங்கள் வண்டியில் ஏற்பட்டது' என்று லைன் மறுப்பதற்கு அந்தக் கையெழுத்தே ஆதாரமாகிறது. பழுதுச் செலவின் பில்லும் பல சமயங்களில் டிரைவரின் முதலாளி வழியாக அவர் தலையிலேயே வந்து விடிகிறது.

சீல் எண்ணில் ஓர் இலக்கம் பிழையானால் பெட்டியை நிறுத்திவைக்கும் சுங்க இலாகாவும், யார்டுகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளும், இந்தச் சீட்டின் வாசகத்தை ஒருமுறையேனும் வாசித்துப் பார்த்தார்களா என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. வரைவுச் சட்டம் தயாரான காலத்தில், நஷ்டத்தை உண்மையில் தாங்குபவர்களை அழைத்து விசாரித்திருந்தால் இந்தக் குறையை அரை மணி நேரத்தில் சொல்லியிருப்பார்கள்.

இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2018இல் வோல்கஃபே வழக்கில் அளித்த தீர்ப்பு நமக்குப் பாதுகாப்பல்லவா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கொலம்பியாவிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற காபி மூட்டைகள் பெட்டிக்குள் படிந்த நீரால் நனைந்தபோது, தன்னிடம் அஜாக்கிரதை இல்லை என்று நிரூபிக்கும் பாரம் கப்பல்காரருக்கே உரியது என்று அங்கே முடிவாயிற்று. ஆனால் அந்தப் பெட்டிகளுக்குள் காகிதம் விரித்து மூட்டைகளை ஏற்றியவர்கள் கப்பல்காரரின் ஆட்களே. ஈரோட்டுக் கிடங்கில் ஏற்றிச் சீல் வைத்த பெட்டிக்கு, சரக்கு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்பதை முதலில் நாமே நிலைநாட்ட வேண்டியிருக்கிறது. ஏற்றியவரின் செயல் அல்லது செய்யத் தவறியது என்ற விதிவிலக்கும் கப்பல்காரருக்குத் திறந்தே இருக்கிறது.

புதிய சட்டம் தன் அட்டவணையை அறிவிக்கை மூலமே திருத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்திருக்கிறது. ஆதலால் மற்றொரு மசோதாவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை: மூன்றாம் விதியில் 'கப்பல்காரர் வழங்கும் கண்டெய்னர்களும்' என்று சேர்க்க வேண்டும், யார்டு அனுமதிகளின் நிபந்தனையாக, தரை ஈரத்தின் எண்ணை யார்டே அளந்து இ.ஐ.ஆரில் எழுதித் தர வேண்டும் என்று விதிக்க வேண்டும். இவ்விரண்டையும் கோரும் மனுவை நம் சங்கங்கள் கூட்டாக அனுப்ப வேண்டும் என்பது எம் வேண்டுகோள். அதுவரை ஒவ்வொரு டிரான்ஸ்போர்ட் முதலாளியும் தம் டிரைவரிடம் ஒரு சிறிய ரப்பர் முத்திரையைக் கொடுத்தனுப்பட்டும்: 'வெளிப்புறம் மட்டும் பார்க்கப்பட்டது, உட்புறப் பரிசோதனை ஏற்றுமிடத்தில், பகலில் செய்யப்படும்.' கையெழுத்துக்கு மேலே அதைக் குத்த அனுமதிக்காத யார்டின் பெயரையும், தேதியையும், நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளும்படி டிரைவருக்குச் சொல்லியனுப்புங்கள்; மனுவோடு இணைப்பதற்கு அந்தக் குறிப்புகள் வேண்டியிருக்கும்.