யாருடைய எட்டு மணி?

"இன்று இரவு 8 மணிக்கு நேரலை, தவறாமல் இணையுங்கள்." நம்ம ஆட்கள் நடத்தும் இணையதளங்களிலும் சங்கப் பக்கங்களிலும் வாரம் ஒருமுறையாவது இப்படி ஓர் அறிவிப்பு வருகிறது. எந்த ஊர் எட்டு மணி? யாருடைய இன்று? எழுதியவருக்கு அது தெரியும். சிட்னியில் மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே படிப்பவருக்குத் தெரியாது. சிலர் கவனமாக "8 மணி IST" என்று போடுகிறார்கள். அயர்லாந்தின் கோடைக்கால நேரத்துக்கும் இஸ்ரேலின் நேரத்துக்கும்கூட அதே மூன்று எழுத்துதான். டப்ளினில் இருக்கும் தமிழர் அதை எப்படிப் படிப்பார்? "சென்னை நேரம் இரவு 8" என்று எழுதிவிட்டால் குழப்பமே இல்லை. ஊர்ப் பெயரைச் சொல்வதில் நமக்கு என்ன கூச்சமோ தெரியவில்லை.

அறிவிப்பில் நடக்கும் இந்தக் கோளாறு, முன்கூட்டியே நேரம் குறித்துப் பதிவுகளை வெளியிடும்போது இன்னும் பெரிதாகிறது. லண்டனிலிருந்து நடத்தப்படும் ஒரு தமிழ்த் தளத்தை எடுத்துக்கொள்வோம். வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகிறது. சனிக்கிழமை மாலை 7 மணிக்குக் கட்டுரை வரவேண்டும். குளிர்காலத்தில் தளத்தை அமைத்தவர், நேர மண்டலம் கேட்கும் இடத்தில் `UTC+0` என்று தேர்வு செய்துவிட்டார். லண்டன் அப்போது அதுதானே? மார்ச் கடைசி ஞாயிறு வரை எல்லாம் சரியாக நடக்கும். அன்று பிரிட்டன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். தளம் தள்ளாது. அதற்கு லண்டன் என்றால் என்னவென்றே தெரியாது, பூஜ்யம் என்ற எண் மட்டும்தான் தெரியும். அடுத்த சனிக்கிழமையிலிருந்து கட்டுரை 8 மணிக்கு வரும். அக்டோபர் கடைசியில் தானாகவே சரியாகிவிடும் என்பதால் காரணத்தை யாரும் தேடவும் மாட்டார்கள்.

அதே பட்டியலில் `London` என்று ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஊர்ப் பெயருக்குப் பின்னால் அந்த ஊரின் விதிகளும் சேர்ந்தே இருக்கின்றன. கடிகாரம் மாறாத நம்ம ஊர்களுக்கும் இது பொருந்தும். இலங்கை 1996-ல் கடிகாரத்தை முன்னே நகர்த்தியது, 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியது. `Colombo` என்று வைத்தால் அப்படிப்பட்ட மாற்றம் மென்பொருள் புதுப்பிப்போடு தானே வந்துவிடும். `UTC+5:30` என்று வைத்தால் நீங்கள்தான் ஞாபகமாகப் போய் மாற்ற வேண்டும்.

நேரலைக்கு வேறொரு தலைவலி இருக்கிறது. கடிகாரத்தை மாற்றும் நாடுகள் எல்லாம் ஒரே நாளில் மாற்றுவதில்லை. லண்டனில் ஞாயிறு மாலை 4 மணிக்குக் கூட்டம் என்றால் டொராண்டோவில் வழக்கமாகக் காலை 11. ஆனால் 2025-ல் கனடா மார்ச் 9 அன்றே மாறியது, பிரிட்டன் 30-ம் தேதிதான் மாறியது. அதனால் மார்ச் 9, 16, 23 ஆகிய மூன்று ஞாயிறுகளிலும் டொராண்டோவில் அதே கூட்டம் பகல் 12 மணிக்கு. அக்டோபர் 26 அன்று பிரிட்டன் திரும்பிவிட்டது, கனடா நவம்பர் 2 வரை காத்திருந்தது. அந்த ஒரு ஞாயிறும் 12 மணிதான். ஆக, வருஷத்தில் நாலு ஞாயிறு டொராண்டோக்காரர் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து காலி அறையில் உட்கார்ந்திருப்பார். சென்னையில் இருப்பவர் கதையே வேறு. அவர் கடிகாரம் அசையவே இல்லை, ஆனாலும் ஒன்பதரைக்கு நடந்த கூட்டம் ஏப்ரலில் எட்டரைக்கு வந்து நிற்கிறது. "நேரத்தை ஏன் மாத்துனீங்க?" என்று அவர் கேட்பது நியாயமே. என் கருத்து இதுதான்: கூட்டத்துக்கு ஒரே ஓர் ஊரை ஆதாரமாக வைத்து அதையே எப்போதும் சொல்லுங்கள், மார்ச்சிலும் அக்டோபரிலும் மட்டும் மற்ற ஊர்களின் நேரத்தைத் தேதியோடு தனியாக எழுதுங்கள்.

கட்டுரைக்கு இவ்வளவு கறார் வேண்டாம், அது ஓடிவிடாது. ஆனால் நல்ல நேரம் ஒன்று உண்டு. எனக்குப் பிடித்தது சென்னை சனி காலை 6.30. அப்போது சிங்கப்பூரில் காலை 9, சிட்னியில் நண்பகலை ஒட்டிய நேரம், டொராண்டோவில் வெள்ளி இரவு எட்டு அல்லது ஒன்பது. ஐரோப்பா மட்டும் தூங்குகிறது, எழுந்ததும் படித்துக்கொள்ளும். லண்டன் மாலை 7-ஐப் பிடித்துக்கொண்டால் குளிர்காலத்தில் சென்னையில் நள்ளிரவு தாண்டி 12.30 ஆகிவிடும். அதை நாம் பேச்சில் "சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டரை" என்றுதான் சொல்வோம். சென்னையில் இருக்கும் நண்பர் அப்படியே சனிக்கிழமை 00:30 என்று பெட்டியில் நிரப்பினால் கட்டுரை முழுசாக ஒரு நாள் முன்னதாக வெளியாகிவிடும். கணினிக்கு அது ஞாயிறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குறித்த நேரம் தாண்டியும் கட்டுரை வராமல் பட்டியலில் `Missed schedule` என்று நின்றால் அது நேர மண்டலத்தின் தவறு அல்ல. வேர்ட்பிரஸ்ஸுக்குத் தானாக ஒலிக்கும் அலாரம் கிடையாது. யாராவது தளத்துக்கு வரும்போதுதான் அது மணி பார்க்கும். வாசகர் குறைந்த தளம் என்றால், ஹோஸ்டிங் நிறுவனத்தின் பேனலில் கிரான் ஜாப் ஒன்று போட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை `wp-cron.php`-ஐத் தட்டி எழுப்பச் சொல்லலாம்.

நம் தளங்களுக்கே உரிய சிக்கல் பஞ்சாங்கப் பதிவுகளில் இருக்கிறது. அமாவாசை சென்னையில் சனி காலை 5 மணிக்குத் தொடங்குகிறது என்றால் அது உலகம் முழுவதற்கும் ஒரே கணம். குளிர்கால டொராண்டோவில் வெள்ளி மாலை 6.30, அவ்வளவுதான். இதைக் கடிகாரக் கணக்கில் மாற்றலாம். ராகு காலத்தை அப்படி மாற்றக் கூடாது. அது அந்தந்த ஊரின் பகல் பொழுதை எட்டாகப் பிரித்து வருவது. சனிக்கிழமை 9 முதல் 10.30 என்பது ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டும் கணக்கு. அதைச் சென்னை நேரமாக எடுத்து லண்டனுக்கு மாற்றினால் அதிகாலை 3.30 என்று வரும், சூரியனே உதித்திருக்காது. ஜனவரி லண்டனில் எட்டு மணி வாக்கில் விடிந்து நாலேகால் வாக்கில் இருட்டிவிடுகிறது. அந்தக் குட்டிப் பகலின் மூன்றாம் பங்கு ஏறக்குறைய 10 முதல் 11 வரை. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, போடுகிற தகவல் சரியாக இருக்க வேண்டாமா?

பொங்கல் வாழ்த்தும் அப்படித்தான், அது அவரவர் ஊர் விடியலுக்குச் சொந்தம். ஜனவரி 15 பொங்கல் என்றால் ஆக்லாந்தில் காலை 6 மணி ஆகும்போது சென்னையில் 14-ம் தேதி இரவு 10.30, டொராண்டோவில் அன்று நண்பகல். அதனால் வாழ்த்தை ஆக்லாந்து விடியலுக்கே குறித்துவிடுங்கள். உள்ளே "இன்று" என்ற சொல் மட்டும் வேண்டாம், "தை முதல் நாள்" என்று எழுதினால் எல்லா ஊருக்கும் சரியாக இருக்கும்.