ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து அப்படியே தட்டினால் சப்டைட்டில் ஆகாது

பாயான் லெப்பாஸ் கோவில் வேலைக் குழுவில் ரெண்டு வாரமா ஒரே பேச்சு. பழைய சொற்பொழிவு வீடியோக்களுக்கு சப்டைட்டில் கோப்பு தயார் பண்ணணும். "ஸ்கிரீன்ஷாட்டுதான் இருக்கே, அதுல உள்ளதை அப்படியே தட்டிப் போட்டா வேலை முடிஞ்சுது"ன்னு தம்பிங்க சிலர் சொல்றாங்க. நான் அதை ஒத்துக்கல. ஏன்னு கொஞ்சம் விவரமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

விஷயம் தெரியாதவங்களுக்கு: சானலில் ஏற்றிய அந்த வீடியோக்களில் தமிழ் எழுத்து படத்தோடயே ஒட்டிப்போன எழுத்து. அதைப் பெரிசு பண்ண முடியாது, அணைக்க முடியாது, மலாய்க்கு மாத்தவும் முடியாது. எடிட்டிங் செய்த கணினி எப்பவோ போயிடுச்சு. கேமராவில் எடுத்த மூலப் பதிவு இருக்கு, ஆனா அதில் எழுத்து இல்லை. காது மந்தமான பெரியவங்க பெரிய எழுத்தில் படிக்கணும், மலாய்ப் பள்ளியில் படிச்ச பிள்ளைங்களுக்கு மலாயிலும் வேணும்னா, நேரம் குறிச்ச தனிக் கோப்பு ஒண்ணு இருக்கணும். அதுதான் SRT கோப்பு.

முதல்ல ஒரு வேண்டுகோள். ஆளாளுக்குக் கைப்பேசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீங்க. படமா அனுப்பினா கோப்பின் பெயர் மாறிடும், அது வீடியோவில் எந்த நிமிஷம்னு கண்டுபிடிக்க வழியே இல்லை. அதைவிட சுலபம், கணினியையே அரை விநாடிக்கு ஒரு படம் எடுக்கச் சொல்றது. வீடியோவின் கீழ்க் கால் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தா போதும்:

```
ffmpeg -i pechu.mp4 -vf "fps=2,crop=iw:ih/4:0:ih*3/4" f_%05d.png
```

இதில் படத்தின் எண்ணே நேரம். எண்ணில் ஒண்ணைக் கழிச்சு ரெண்டால வகுத்தா விநாடி வந்துடும். 85ஆம் படத்தில் ஒரு எழுத்து தோன்றி 92 வரைக்கும் அதே எழுத்து இருந்து, 93இல் மாறுதுன்னு வைங்க. ஏறத்தாழ 42ஆவது விநாடியில் தொடங்கி 46இல் முடியுது. அரை விநாடி முன்ன பின்ன இருக்கலாம், அதைக் காதால கேட்டுச் சரி பண்ணணும். வீடியோ முன்னாடி கோவில் பெயர் அட்டை ஓடியிருந்தா, மூலப் பதிவுக்குப் போடும்போது அத்தனை விநாடியையும் எல்லா வரியிலும் கழிச்சிடணும்.

படத்திலிருந்து எழுத்தை எடுக்கிற மென்பொருளுக்குத் தமிழில் ரெண்டு இடத்தில் கண் தடுமாறும். ஒண்ணு புள்ளி: வீடியோ அமுங்கும்போது புள்ளி கரைஞ்சு போய் 'பக்தர்கள்' என்பது 'பக்தரகள' ஆகிடும். இன்னொண்ணு காலும் ரகரமும் கலந்துபோறது. வெள்ளை எழுத்துக்குப் பின்னால வெள்ளை வேட்டியோ சாம்பிராணிப் புகையோ வந்தா கேட்கவே வேணாம். ஒரே எழுத்துக்கு எட்டுப் படம் இருக்கிறது இங்கதான் உதவும். தெளிவான ஒண்ணை எடுத்துக்கலாம்.

இதுவரைக்கும் யாரும் சண்டை போடல. சண்டை வரியை எங்க உடைக்கிறதுன்னுதான்.

ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தது இதுதான். முதல் திரையில் ரெண்டு வரி, மிச்சம் அடுத்த திரையில்:

```
முருகன் மலைமேல் இருக்கிறான் என்று சொல்லி
விட்டுப் போனால் போதாது ஏன் மலைமேல்

இருக்கிறான் என்று கேட்க வேண்டும்
```

ரெண்டாவது வரியை மட்டும் பாருங்க. "விட்டுப் போனால் போதாது ஏன் மலைமேல்". யாரை விட்டு யார் போறது? பேச்சாளர் அப்படி மூச்சு விடவே இல்லை. இது எப்படி வந்திருக்கும்னு எண்ணிப் பார்த்தேன். ஆங்கிலத்துக்கு ஒரு வரிக்கு 42 எழுத்துன்னு நெட்ஃபிளிக்ஸ் போன்றவங்க வைத்திருக்கிற அளவு ஒண்ணு உண்டு. கணினி எண்ணும்போது 'சொ' ஒரே எழுத்து இல்லை, சகரம் ஒண்ணு, கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒண்ணு. புள்ளியும் தனி. நம்ம கண்ணுக்கு முதல் வரியில் 20 எழுத்துதான், இடைவெளி சேர்த்தா 24. கணினிக்கு அது 40. அடுத்த சொல் 42க்குள்ள அடங்கல, வெட்டிடுச்சு. ரெண்டாவது வரியும் அதே கணக்கில்தான் வெட்டுப்பட்டிருக்கு. யாரோ 'சொல்லி விட்டு' என்று இடைவெளி விட்டுத் தட்டினதும் அதுக்கு வசதியாப் போச்சு. அந்த வெட்டை நாம ஏன் பக்தியோட காப்பாத்தணும்?

ஆங்கில சப்டைட்டில் விதிகளைப் படிச்ச தம்பி ஒருத்தர், "இணைப்புச் சொல்லுக்கு முன்னாடி உடைக்கணும்"னு சொன்னார். ஆங்கிலத்துக்கு அது சரி, அங்க இணைப்புச் சொல் அடுத்த வாக்கியத்தோட சேரும். தமிழில் 'என்று', 'போது', 'பிறகு', 'வரை', 'பற்றி' எல்லாம் முன்னால வந்ததோட ஒட்டிக்கும். "இருக்கிறான் என்று" சொல்லிட்டுதான் மூச்சு விடுவோம், "இருக்கிறான்" சொல்லிட்டு இல்லை. அதனால நம்ம வரி அந்தச் சொல்லுக்குப் பின்னாடிதான் உடையணும். அதே மாதிரி 'தேர் இழுத்த' ஒரு வரி, 'பக்தர்கள்' அடுத்த வரின்னு பிரிக்கக் கூடாது. 'பழனி'யையும் 'ஆண்டவ'ரையும் பிரிச்சா அவரே கோவிச்சுக்குவார்.

சரி பண்ணினது இப்படி:

```
12
00:00:42,000 --> 00:00:44,700
முருகன் மலைமேல் இருக்கிறான் என்று
சொல்லிவிட்டுப் போனால் போதாது.

13
00:00:44,900 --> 00:00:49,000
ஏன் மலைமேல் இருக்கிறான் என்று
கேட்க வேண்டும்.
```

நேரமும் மாறியிருக்கு, கவனிச்சீங்களா? ஸ்கிரீன்ஷாட்டில் 46இல் மாறின எழுத்து இங்க 44.9இலேயே மாறுது. சொல்லை இடம் மாத்தினா நேரத்தையும் மாத்தணும். 'போதாது' எங்க முடியுது, 'ஏன்' எங்க தொடங்குதுன்னு கேட்டுதான் குறிக்க முடியும், படம் அதைச் சொல்லாது. விநாடிக்கும் மில்லிவிநாடிக்கும் நடுவுல புள்ளி இல்லை, காற்புள்ளி. சேமிக்கும்போது UTF-8 தேர்ந்தெடுங்க, இல்லாட்டி தமிழ் முழுசும் கேள்விக்குறியா நிக்கும்.

வரி உடைக்கிறது அழகுக்காகத்தானேன்னு இன்னும் நினைக்கிறவங்களுக்கு அதே சொற்பொழிவிலிருந்து இன்னொரு இடம். "கடவுள் இல்லை என்று சொல்பவனுக்கும் அவன்தான் சோறு போடுகிறான்" என்பது பேச்சாளர் சொன்னது. பழைய வீடியோவில் "கடவுள் இல்லை" வரைக்கும் ஒரு திரை, மிச்சம் அடுத்த திரை. மூணு விநாடி, சந்நிதி பின்னால தெரிய, பேச்சாளர் முகத்துக்குக் கீழ "கடவுள் இல்லை"ன்னு நிக்குது. காதால கேட்கிறவருக்கு அது ஒரு நொடியில் கடந்துடும். எழுத்தை மட்டுமே நம்பி உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கு அந்த மூணு விநாடியும் அதுதான் செய்தி. 'இல்லை', 'கூடாது', 'வேண்டாம்' வர்ற வாக்கியங்களைத் திரை மாறும் இடத்தில் பிரிக்கவே கூடாதுன்னு நான் பிடிவாதமா நிக்கிறது இதனாலதான். ஒரே திரையில் அடங்காட்டி, பேச்சாளர் மூச்சு விட்ட வேற இடத்தைத் தேடுங்க. கட்டாயம் ஒண்ணு இருக்கும்.

ஒரு மணி நேரப் பேச்சுக்கு இது நிறைய வேலைதான், மறுக்கல. எழுத்தெடுக்கிறதும் நேரக் கணக்கும் கணினி பார்த்துக்கும். தட்டத் தெரியாத அம்மாமார்கள் வந்து கேட்டு, "இங்க மூச்சு விட்டார்"னு கை காட்டினாலே பாதி வேலை ஆச்சு. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் மண்டபத்தில் லேப்டாப்போட இருப்பேன். ஹெட்ஃபோன் இருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க, என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு.