விரலில் தெரியும் இரண்டாவது எண்

2021 ஏப்ரல், மே மாதங்களில் தூத்துக்குடியில் ஆக்சிஜன் என்ற சொல்லை உச்சரிக்காத வீடு இல்லை. 2018 மே 22-இல் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த பிறகு மூடப்பட்ட ஸ்டெர்லைட் ஆலையை, ஆக்சிஜன் தயாரிக்க மட்டும் திறக்கலாம் என்று 2021 ஏப்ரல் 27-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எத்தனை டன், எத்தனை லாரி, யாருக்கு முதலில் என்று ஊரே கணக்குப் போட்டது. ஜூலை முடிந்ததும் அந்தக் கணக்கும் முடிந்தது. சிலிண்டரே தேவைப்படாமல் வீட்டோடு காய்ச்சலைக் கடந்துவிட்டு, மூன்று மாதம் கழித்தும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் வரவில்லை.

அவர்களை நான் என் புறநோயாளிப் பிரிவில் பார்த்தேன், இன்றும் பார்க்கிறேன். பெரும்பாலும் உப்பளத்தில் கூடை சுமப்பவர்கள், மீன் கம்பெனிக்குப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். எல்லார் கையிலும் பழைய சீட்டுகள் இருக்கும். சீட்டில் 98 என்ற எண் இருக்கும். அதற்குக் கீழே ஒரு சத்து மாத்திரை, ஒரு தூக்க மாத்திரை. விரலில் கருவியை மாட்டி 98 வந்தால் விசாரணை முடிந்தது என்று நினைக்கும் மருத்துவத்தோடுதான் எனக்குச் சண்டை.

அந்த எண் எதைச் சொல்கிறது? விரல் நுனி ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதை. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. ரத்தம் தசைக்குப் போய்ச் சேர்கிறதா, சேர்ந்த ஆக்சிஜனைத் தசை எடுத்துப் பயன்படுத்துகிறதா என்றும் சொல்லாது. தோல் கறுத்தவர்களுக்கு உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. கறுப்பின நோயாளிகளிடம் மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவை, வெள்ளையர்களோடு ஒப்பிட்டால், இந்தக் கருவி ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது. வெயிலில் நின்று கறுத்த உப்பளப் பெண்களின் விரலில் இதே கருவியைத்தான் மாட்டுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. மூச்சு முட்டுவது வேறு, ஆக்சிஜன் குறைவது வேறு. இந்தக் கடற்கரைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முத்துக்குளிப்பு நின்றுபோனாலும் சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூச்சைப் பிடித்து ஆழத்தில் இருக்கும்போது அவர்களை மேலே தள்ளுவது முக்கியமாக ரத்தத்தில் ஏறும் கரியமில வாயு. ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியும் எந்த முட்டலும் தெரியாமல் மயங்கிப் போகிறவர்களும் உண்டு. கொரோனாவிலும் அதைப் பார்த்தோம். 80-க்குக் கீழே இறங்கியவர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். அன்று உடம்பு ‘நல்லாத்தான் இருக்கு’ என்றது, எண் ‘இல்லை’ என்றது. எண்ணை நம்பினோம், அது சரி. இப்போது உடம்பு ‘ஏலவில்லை’ என்கிறது, எண் ‘நல்லாத்தான் இருக்கு’ என்கிறது. அப்போதும் எண்ணையே நம்புகிறோம். இரண்டும் ஒரே விஷயத்தை அளக்கவில்லை என்பது மருத்துவக் கல்லூரி முதலாண்டுப் பாடம். பெண்கள் வந்து உட்காரும்போது மட்டும் அந்தப் பாடம் ஏன் மறந்துபோகிறது?

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வயது 43, உப்பளத் தொழிலாளி. 2021 மே மாதம் காய்ச்சல், வீட்டிலேயே பத்து நாள். ஆகஸ்ட்டில் அளத்துக்குத் திரும்பினார். ஆண்கள் பாத்தியிலிருந்து உப்பை வாரி ஒதுக்க, பெண்கள் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். முதல் நாள் எப்படியோ சமாளித்தார். “சோலி பாக்கும்போதுகூடத் தாங்கிக்கிடுதேன் டாக்டரம்மா, மறுநா எந்திக்க ஏல மாட்டேங்கு” என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். சாதாரணக் களைப்பு வேலை செய்யும்போதே வரும், ஒரு ராத்திரி தூங்கினால் போகும். இது பல மணி நேரம் கழித்து, சில நேரம் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்து, நாள்கணக்கில் படுக்கப் போடுகிறது. உழைப்புக்குப் பின் வரும் இந்தச் சரிவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். கேட்காத மருத்துவருக்கு எந்த ஸ்கேனும் இதைக் காட்டித்தராது.

என்னிடம் வருவதற்கு முன் அவர் மூன்று இடம் போயிருந்தார். ஓரிடத்தில் ரத்த சோகை, ஓரிடத்தில் மாதவிடாய் நிற்கிற வயசு, ஓரிடத்தில் மனக்கவலை. ரத்த சோகை பொய்யில்லை, ஹீமோகுளோபின் 9.4. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்த சோகை என்று 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதனால்தான் அது வசதியான பதிலாகிவிடுகிறது. பாதிப் பெண்களிடம் இருப்பதை ஒருவரிடம் கண்டுபிடித்துவிட்டு, அதற்குமேல் தேடாமல் இருப்பது எளிது. இரும்புச்சத்துக் கொடுத்தோம். சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேவும் எடுத்து காசநோய் இல்லை என்று உறுதிசெய்தோம். தைராய்டு, சர்க்கரை, ஈசிஜி, எக்கோ பார்த்தோம். ஒரு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லி ஆக்சிஜன் இறங்குகிறதா என்று பார்த்தோம். நாலு புள்ளி இறங்கியிருந்தால் நுரையீரலை ஸ்கேன் செய்திருப்போம். இறங்கவில்லை. நாலு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.6-க்கு ஏறியது. மூச்சிரைப்பும் மறுநாள் சரிவும் அப்படியே இருந்தன.

பிறகு செய்த சோதனைக்கு ஒரு கட்டிலும் ஒரு கடிகாரமும் போதும். ரத்த அழுத்தக் கருவி வேண்டும், அது எந்தத் துணை சுகாதார நிலையத்திலும் உண்டு. விரல் கருவி இரண்டு எண்ணைக் காட்டும். ஒன்று ஆக்சிஜன், மற்றது நாடித்துடிப்பு. தண்ணீர் குடிக்கச் சொல்லி, பத்து நிமிடம் படுக்கவைத்தோம். துடிப்பு 74, அழுத்தம் 118/76. எழுந்து சுவரோரம் அசையாமல் நிற்கச் சொன்னோம். ஒரு நிமிடத்தில் 98. மூன்றில் 108. ஐந்தில் 112. பத்தாவது நிமிடத்தில் 116, அழுத்தம் 114/78. கால்விரல்கள் கருநீலமாகின, தலை லேசாகச் சுற்றியது, மூச்சு இரைத்தது. முதல் எண் கடைசிவரை 98-தான். படுத்ததும் துடிப்பு இறங்கியது.

அழுத்தம் பெரிதாகக் குறையாமல், நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு 30-க்கு மேல் ஏறினால், அதோடு இந்தத் தொல்லைகள் மூன்று மாதமாவது நீடித்திருந்தால், அதற்குப் ‘பாட்ஸ்’ என்று பெயர். நிற்கும்போது கால் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ள வேண்டும். அந்தத் தானியங்கி நரம்புகள் தடுமாறினால் ரத்தம் காலிலும் வயிற்றிலும் தேங்கும், இதயம் ஓடியோடி ஈடுகட்டும். ரத்த சோகையும் நீர் வற்றுவதும் துடிப்பை ஏற்றும் என்பதால்தான் அவற்றைச் சரிசெய்த பிறகு இதைச் செய்தோம். பதற்றத்திலும் துடிப்பு ஏறும், மறுக்கவில்லை. ஆனால் பதற்றம், நீங்கள் நிற்கிறீர்களா படுத்திருக்கிறீர்களா என்று இவ்வளவு ஒழுங்காகப் பார்த்து ஏறி இறங்குவதில்லை.

இது எல்லாருக்கும் பொருந்தும் விளக்கம் இல்லை. அமெரிக்காவில் இதயத்துக்குள் குழாய் செலுத்தி, சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தார்கள். நுரையீரலும் இதயமும் சரியாக இருந்தும், சிலரிடம் தசைக்குப் போன ரத்தம் ஆக்சிஜனை முழுதாக இறக்கிவைக்காமல் திரும்பி வந்தது. ஆம்ஸ்டர்டாமில் 25 நோயாளிகளையும் 21 நலமானவர்களையும் மிதிக்கவைத்து, அதற்கு முன்னும் மறுநாளும் தொடைத்தசையில் துளி எடுத்துப் பார்த்த ஆய்வு 2024-இல் வெளியானது. நோயாளிகளின் தசைச் செல்களில் ஆற்றல் உற்பத்தி குறைந்திருந்தது, மிதித்த பிறகு தசைச் சேதம் கூடியிருந்தது. வைரஸின் மிச்சம் உடலில் தங்குகிறதா, எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குகிறதா, நுண்ணிய ரத்த உறைவுகள் காரணமா என்பவை இன்னும் விவாதத்தில் இருக்கின்றன. தீர்ந்த விஷயம் எது, தீராதது எது என்று பிரித்துச் சொல்ல முடியும். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதுதான் முடியாது.

ஆனாலும் அதைத்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். 1955-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர்கள் 292 பேர் இப்படி விழுந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், நிறையப் பேர் செவிலியர்கள். பதினைந்து ஆண்டு கழித்து இரண்டு மனநல மருத்துவர்கள், பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் அதிகம் பெண்கள் என்பதும் அவர்களுடைய ஆதாரங்களில் ஒன்று! ‘நீண்ட கோவிட்’ என்ற பெயரையே 2020 மே மாதம் எலிசா பெரெகோ என்ற இத்தாலிய நோயாளிப் பெண்தான் வைத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை வர 2021 அக்டோபர் ஆனது: தொற்றிலிருந்து மூன்று மாதத்தில் இருப்பது, இரண்டு மாதமாவது நீடிப்பது, வேறு நோயால் விளக்க முடியாதது.

சிகிச்சை என்ற பெயரில் நம் பெண்களுக்குக் கிடைப்பது “நல்லா நடங்கம்மா”. 2020 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறையில் யோகாவும் பிராணாயாமமும் நடையும் சியவனப்பிராசும் இருந்தன. நடை ‘தாங்கும் அளவுக்கு’ என்றுதான் அதில் இருந்தது. மருந்துச் சீட்டுக்கு வருவதற்குள் அந்த ‘தாங்கும் அளவு’ உதிர்ந்துபோகிறது. மறுநாள் சரிந்துவிழும் ஒருவரை நாளுக்கு நாள் கூடுதலாக நடக்கச் சொல்வது தீங்கு. இதை ஒத்த நெடுங்களைப்பு நோய்க்கு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையைத் தரக்கூடாது என்று 2021 அக்டோபரில் பிரிட்டனின் வழிகாட்டுதலே சொல்லிவிட்டது.

பாட்ஸுக்கு முதல் மருந்து என்ன தெரியுமா? தண்ணீரும் உப்பும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர், ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் இல்லாதவர்களுக்குக் கூடுதல் உப்பு, இறுக்கமான காலுறை, தேவைப்பட்டால் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. நாளெல்லாம் உப்பு சுமக்கிற பெண்ணுக்கு உப்பை எழுதிக்கொடுக்கிறேன். தண்ணீரைத்தான் அவரால் குடிக்க முடியவில்லை. அளத்தில் கழிப்பறை இல்லை. வெட்டவெளி, மறைப்புக்கு ஒரு செடி கிடையாது. அதனால் விடியற்காலை கிளம்பும் முன்பிருந்தே தாகத்தை அடக்கிப் பழகியவர்கள் இவர்கள். கழிப்பறை கட்டித்தராத முதலாளியைச் சேர்க்காமல் இந்த நோயின் காரணங்களை எழுதினால் அந்தச் சீட்டு அரைகுறைதான்.

படிக்கிற உங்களுக்கு மூச்சு வாங்குகிறதென்றால், நெஞ்சு வலியோ, ஒரு காலில் மட்டும் வீக்கமோ, நடந்தால் முதல் எண் இறங்குவதோ இருந்தால் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இல்லையென்றால் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, படுத்த துடிப்பையும் நின்ற துடிப்பையும் நிமிடம் போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். மயக்கம் வந்தால் உடனே படுத்துவிடுங்கள். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் கழித்துச் சரிவு வந்தது என்று இரண்டு வாரம் குறித்துவையுங்கள். தாளை மருத்துவரின் மேசையில் வைத்துவிட்டு, இரண்டாவது எண்ணுக்கு என்ன பதில் என்று கேளுங்கள்.

43 வயதுக்காரர் இப்போது படுக்கையில் இல்லை. காலையில் எழும் முன்பே இரண்டு தம்ளர் தண்ணீர், சிறிய கூடை, பத்து நடைக்கு ஒருமுறை உட்கார்ந்துகொள்வது என்று ஒரு கணக்குக்கு வந்திருக்கிறார். அப்படிச் செய்தால் மறுநாள் எழ முடிகிறது. ஆனால் கங்காணி அதற்குப் பாதிக் கூலிதான் தருகிறார். முழுக் கூலி வேண்டிய வாரங்களில் அவர் பழைய கூடையைத்தான் எடுக்கிறார்.