சந்தைக் கணக்கு: விளம்பரம் எண்ணெய் விற்றதா, பார்வை மட்டும் சேர்த்ததா?

''எங்கள் நிலத்தில் விளையும் மணிலாவை மரச்செக்கில் ஆட்டி எண்ணெய் விற்கிறோம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் 30 நாள்கள் விளம்பரம் கொடுத்தோம். ஜி.எஸ்.டி-யோடு 11,800 ரூபாய் ஆனது. 1,84,000 பேர் பார்த்ததாகக் காட்டுகிறது. எங்கள் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் 2,100-லிருந்து 6,400 ஆகியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் 412 பேர் பேசினார்கள். 'நல்ல பலன், தொடர்ந்து செய்யுங்கள்' என்கிறார் விளம்பரம் போட்டுக்கொடுத்தவர். ஆனால், கல்லாவில் அந்த அளவுக்குப் பணம் தெரியவில்லை. எந்த எண்ணை நம்புவது?''

- வாசகி ஒருவர், வேங்கிக்கால், திருவண்ணாமலை மாவட்டம்.

இந்த வாசகியிடம் தொலைபேசியில் பேசி, அவருடைய ஆர்டர் நோட்டு, வங்கிக் கணக்கு விவரம் இரண்டையும் வைத்துப் போட்ட கணக்கு இது. மஞ்சள் தூள், தேன், பாரம்பர்ய அரிசி என்று எதை விற்பவர்களும் இதே வழியில் கணக்குப் பார்க்கலாம்.

1,84,000 என்பது விளம்பரம் எத்தனை பேரின் செல்போன் திரையில் வந்துபோனது என்பதற்கான மதிப்பீடு. விளம்பரம் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள இது உதவும். பின்தொடர்பவர்களில் வெளிநாட்டில் இருப்பவர்களும், வீடியோவை மட்டும் ரசிப்பவர்களும், இதே தொழில் செய்பவர்களும்கூட இருப்பார்கள். இந்த இரண்டு எண்களையும் தனியே வைத்துவிட்டு, பேசிய 412 பேரிலிருந்து தொடங்குவோம்.

பணம் கட்டியவர்கள் எத்தனை பேர்?

விளம்பரக் கணக்கில் Messaging conversations started என்று ஒரு வரி இருக்கும். அதில்தான் 412 என்று காட்டுகிறது. விளம்பரத்தைத் தொட்டு உங்களிடம் பேச்சைத் தொடங்கியவர்களை அது எண்ணுகிறது. 7 நாள்களுக்கு மேல் பேசாமல் இருந்த பழைய வாடிக்கையாளர் விளம்பரத்தைத் தொட்டு மறுபடி பேசினாலும் அதில் ஒன்று கூடும். 'விலை என்ன?' என்று கேட்டுவிட்டுப் போனவரும், பத்து லிட்டர் வாங்கியவரும் அந்த வரியில் ஒன்றுதான்.

அதனால், வங்கிக் கணக்கில் வந்த யு.பி.ஐ தொகைகளை நோட்டில் இருக்கும் போன் எண்களோடு ஒன்றொன்றாக ஒத்துப்பார்த்தோம். 71 பேர் முகவரி கொடுத்திருக்கிறார்கள். பணம் அனுப்பியவர்கள் 58 பேர். ஏழு பேர் பேசினால் ஒருவர் வாங்கியிருக்கிறார். விளம்பரம் கொடுத்தவர் ஒரு பேச்சுக்கு 29 ரூபாய்தான் செலவு என்று காட்டினார். பணம் கட்டிய ஓர் ஆர்டருக்கு என்று பார்த்தால், அது 203 ரூபாய் ஆகிவிடுகிறது.

அவர்களில் புதியவர்கள் எத்தனை பேர்?

58 போன் எண்களில் 17 எண்கள் முன்பே நோட்டில் இருந்தன. எண்ணெய் தீர்ந்துபோகும் நேரத்தில் விளம்பரம் கண்ணில் பட்டிருக்கிறது, அதைத் தொட்டு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். விளம்பரம் இல்லாவிட்டாலும் இவர்களில் பெரும்பாலோர் வழக்கம்போல போன் செய்திருப்பார்கள். ஆக, விளம்பரத்தின் வழியாக வந்த புது வாடிக்கையாளர்கள் 41 பேர்.

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கின்றன. இணையச் சந்தை நிறுவனமான ஈ-பே, கூகுள் போன்ற தேடுதளங்களில் நிறைய பணம் கட்டி விளம்பரம் செய்துவந்தது. 2012-ம் ஆண்டில், அந்த நிறுவனத்தில் பணியாற்றிய பொருளாதார ஆய்வாளர்கள் சில இடங்களில் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். நிறுவனத்தின் பெயரையே போட்டுத் தேடியவர்களில் ஏறக்குறைய எல்லோரும், விளம்பரம் இல்லாதபோதும் இலவச இணைப்பைத் தொட்டு வந்துவிட்டார்கள். மற்ற விளம்பரங்களை அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் நிறுத்தினார்கள். புதியவர்களையும் எப்போதாவது வாங்குபவர்களையும் அவை வாங்க வைத்தது தெரிந்தது. ஆனால், செலவின் பெரும்பகுதி, எப்படியும் வாங்கக்கூடிய பழைய வாடிக்கையாளர்களுக்கே போயிருந்தது. 2015-ம் ஆண்டில் இந்த ஆய்வு வெளியானது. பழையவர், புதியவர் என்று பிரிக்காத கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இது நல்ல பாடம்.

விளம்பரம் இல்லாமலே வந்திருப்பவர்கள் எத்தனை பேர்?

41 பேரையும் விளம்பரம்தான் கொண்டுவந்தது என்றும் சொல்லிவிட முடியாது. திருவண்ணாமலைக்கு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலக் கூட்டம் வருகிறது. ஊர் திரும்பும்போது வேலூர் சாலையில் வண்டியை நிறுத்தி, இந்த வாசகியின் கடையில் அரை லிட்டர் வாங்கிப்போகிறவர்கள் உண்டு. அவர்களில் சிலர், பிறகு பார்சலில் அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். அவர்கள் விளம்பரத்தைப் பார்த்து அதைத் தொட்டுப் பேசினால், விளம்பரக் கணக்கில் ஏறிவிடுவார்கள்.

இதைப் பிரிக்க, விளம்பரத்துக்கு முந்தைய மாதங்களைப் பார்க்க வேண்டும். ஆங்கில மாதமாகப் பிரிக்காமல், பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கிரிவலக் கூட்டம் மட்டும் இருக்கும். கார்த்திகை தீபம் வரும் சுற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கக் கூடாது. அந்தக் கூட்டம் வேறு கணக்கு.

விளம்பரத்துக்கு முந்தைய மூன்று சுற்றுகளில் பார்சல் கேட்ட புதியவர்கள் 11, 14, 11. சராசரி 12. விளம்பரம் ஓடிய சுற்றில், விளம்பரம் வழியாக 41 பேரும் மற்ற வழிகளில் 3 பேருமாக 44 பேர் வந்திருக்கிறார்கள். வழக்கமாக வேறு வழியில் வரும் 12 பேர் இந்த முறை மூன்றாகக் குறைந்திருப்பதைக் கவனியுங்கள். மற்றவர்கள் விளம்பர வாசல் வழியாக வந்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். உண்மையான கூடுதல், 44-ல் 12 போக 32 பேர். 11,800 ரூபாயை 32-ஆல் வகுத்தால், ஒரு புது வாடிக்கையாளருக்கு 369 ரூபாய் செலவாகியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. வழக்கமாக 11 முதல் 14 பேர் வரும் கடைக்கு, விளம்பரம் ஓடும் சுற்றில் 16 பேர் வந்தால் அதை விளம்பரத்தின் பலன் என்று முடிவு கட்டாதீர்கள். அது தானாக ஏறி இறங்கும் அளவுதான். இங்கே 44 என்பதால், வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது.

கையில் நிற்பது எவ்வளவு?

369 ரூபாய் அதிகமா, குறைவா என்பதை ஓர் ஆர்டரில் மிஞ்சும் பணம்தான் சொல்லும். இங்கே பலரும் சொந்த நிலத்து மணிலாவுக்கு விலையே போடுவதில்லை. அதனால் லாபம் பெரிதாகத் தெரியும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விற்றிருந்தால் கிடைத்திருக்கும் விலையைப் போட்டாக வேண்டும். அப்படிப் போட்டு, உடைப்புக் கூலி, செக்குக் கூலி, பாட்டில் செலவைக் கழித்து, புண்ணாக்கு விற்ற பணத்தைச் சேர்த்தால், இந்த வாசகிக்கு லிட்டருக்கு 60 ரூபாய் மிஞ்சுகிறது. சராசரி ஆர்டர் 3 லிட்டர், ஆக 180 ரூபாய். அட்டைப்பெட்டிக்கும் வழியில் ஒழுகும் பாட்டில்களுக்குமாக 30 ரூபாய் போனால் 150. பார்சல் கட்டணத்தை வாங்குபவரே கொடுத்துவிடுகிறார்.

32 பேரின் முதல் ஆர்டரில் 4,800 ரூபாய் மிஞ்சியது. விளம்பரச் செலவில் இன்னும 7,000 ரூபாய் திரும்ப வரவேண்டியிருக்கிறது. கல்லாவில் பணம் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

மறுபடி வாங்கியவர்கள் எத்தனை பேர்?

அந்த 7,000 ரூபாயை எடுக்க, விளம்பரச் செலவில்லாத 47 ஆர்டர்கள் வேண்டும். 3 லிட்டர் எண்ணெய் ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை மாதம் வருகிறது என்று வாசகி சொல்கிறார். அதனால் 45 நாள்கள் கழித்து நோட்டைப் பார்த்தோம். 41 பேரில் 14 பேர் மறுபடி வாங்கியிருக்கிறார்கள், அதாவது மூன்றில் ஒருவர். கூடுதலாக வந்த 32 பேருக்கு இதே விகிதம் போட்டால், 11 பேர். இந்த 11 பேரும் விடாமல் வாங்கினால், 47 ஆர்டர்கள் சேர ஐந்து முறை வாங்க வேண்டும். ஏழரை மாதங்கள் ஆகும். இடையில் சிலர் நின்றுபோனால், இன்னும் தள்ளிப்போகும்.

ஆக, விளம்பரம் எண்ணெய் விற்றிருக்கிறது. ஆனால், போட்ட பணத்தை இன்னும் எடுத்துக்கொடுக்கவில்லை. இதே விளம்பரத்தை உடனே இன்னொரு 11,800 ரூபாய்க்கு ஓட்டுவது சரியாக இருக்காது. முதலில் ஆர்டரின் அளவைப் பெரிதாக்கிப் பாருங்கள். 5 லிட்டர் கேனாகப் போனால் 300 ரூபாய் மிஞ்சும். பேக்கிங்குக்கு 40 ரூபாய் போனாலும் 260 நிற்கும். அதே 32 பேர் 5 லிட்டராக வாங்கியிருந்தால், பாக்கி 3,480 ரூபாய்தான். 14 மறு ஆர்டர்களில், அதாவது இரண்டாம் சுற்றிலேயே பணம் திரும்பியிருக்கும். ஆனால், 5 லிட்டர் வாங்கியவர் திரும்பி வர இரண்டரை மாதங்கள் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்த முறைக்கு இரண்டு வேலைகள்

ஒன்று, ஆர்டர் எந்த வழியில் வந்தது என்பதைக் குறித்துவைப்பது. வாட்ஸ்அப் இணைப்பின் கடைசியில் ஒரு குறியீடு சேர்த்தால், அதைத் தொடுபவரின் செய்திப் பெட்டியில் அது தானாக வந்து நிற்கும்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=V1
```

X உள்ள இடத்தில் உங்கள் எண்ணைப் போடுங்கள். விளம்பரத்துக்கு V1, பக்கத்தின் முகப்புக்கு V2, கடையில் ஒட்டும் க்யூ.ஆர் அட்டைக்கு V3 என்று மாற்றிக்கொள்ளலாம். சிலர் குறியீட்டை அழித்துவிட்டு எழுதுவார்கள். அவர்களிடம் 'எங்கே பார்த்தீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நோட்டில் தேதி, போன் எண், குறியீடு, புதியவரா பழையவரா, பின்கோடு, வந்த தொகை என்று ஆறு கட்டங்கள் இருந்தால் போதும்.

இரண்டாவது, விளம்பரத்தை ஓர் ஊருக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பது. இந்த வாசகிக்குச் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு ஆர்டர்கள் வருகின்றன. விளம்பரம் காட்டும் இடமாகச் சென்னையை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு சுற்று ஓட்டலாம். பிறகு 600 என்று தொடங்கும் சென்னைப் பின்கோடுகளையும், 641 என்று தொடங்கும் கோவைப் பின்கோடுகளையும் நோட்டில் எண்ணுங்கள். கோவையிலும் அதே அளவு கூடியிருந்தால், அது பண்டிகைத் தேவையாகவோ, மணிலா எண்ணெய்க்கான பொதுவான தேவையாகவோ இருக்கும். சென்னையில் மட்டும் கூடியிருந்தால், அந்தக் கூடுதலை விளம்பரத்தின் பேரில் எழுதலாம். அதை 150 அல்லது 260 ரூபாயால் பெருக்கி, செலவோடு ஒப்பிட்ட பிறகு அடுத்த விளம்பரத்துக்குப் பணம் கட்டுங்கள்.