முதல் வாக்கியத்தில் எண் இருக்கட்டும்

அண்மையில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் கவுன்ட்டர் கண்ணாடியில் புதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தால் பிரிவு 132, 221-இன் கீழ் நடவடிக்கை என்று எழுதியிருந்தார்கள். 2024 ஜூலை 1-இல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வருமுன் இதே இடத்தில் 353, 186 என்று இருந்திருக்கும். சட்டம் மாறியதும் எச்சரிக்கையை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் எந்தச் சேவை எத்தனை நாளில் முடியும், எந்தப் பிரிவில் யாரைக் கேட்க வேண்டும் என்ற பலகை அந்தச் சுவரில் எங்கும் இல்லை. கவுன்ட்டரில் மரியாதை குறைவதற்கு மக்களின் வாய்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டால்தான் இப்படி ஒரு சுவர் அமையும். அந்த முடிவு தவறு.

கவுன்ட்டரில் எப்படிப் பேச வேண்டும் என்று கேட்டால் ஊரில் மூன்று யோசனைகள் கிடைக்கும். பணிந்து கெஞ்சு என்பார்கள். வேண்டிய ஆள் பெயரைச் சொல் என்பார்கள். எடுத்த எடுப்பில் ‘ஆர்டிஐ போடுவேன்’ என்று சொல் என்பார்கள். மூன்றும் உதவாது. கெஞ்சுகிறவரை நாளைக்கு வரச்சொல்வது எளிது. ஆள் பெயர் சொல்கிறவருக்கு அந்த ஆள் பதவியில் இருக்கும்வரைதான் மதிப்பு. தகவல் உரிமைச் சட்டம் நல்ல கருவி; ஆனால் முதல் நிமிடத்தில் அதை நீட்டினால், எதிரே இருப்பவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்க மாட்டார்.

எழுத்தர் உங்கள் விஷயத்தை எங்கே தேடுவார் என்பதைப் பார்த்தால் எப்படித் தொடங்குவது என்பது தெரிந்துவிடும். தபாலில் வந்த மனு பகிர்மானப் பதிவேட்டில் ஏறி, ஒரு எண் பெற்று, ஓர் எழுத்தரின் தன்பதிவேட்டுக்குப் போகிறது. ந.க. எண் என்று கடிதத்தின் தலையில் இருப்பது அதுதான். ‘அ4/1234/2025’ என்றிருந்தால் அ என்பது பிரிவு, 4 என்பது இருக்கை. எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது உங்கள் கையில் உள்ள தாளிலேயே இருக்கிறது. இணையத்தில் போட்ட விண்ணப்பமும் அப்படித்தான். கணினி முதலில் கேட்பது விண்ணப்ப எண்ணைத்தான். உங்கள் கதையை வைத்து அந்த எழுத்தரால் எதையும் தேட முடியாது. எண்ணை வைத்து அரை நிமிடத்தில் தேடிவிடலாம்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, பெரிய சர்வே எண் ஒன்றிலிருந்து இருபது சென்ட் நிலம் வாங்கியவர். பத்திரம் பதிந்தாயிற்று, உட்பிரிவு செய்து பட்டா மாற வேண்டும். உட்பிரிவு இல்லாத மாறுதலுக்கு 15 நாள், உட்பிரிவு உள்ளதற்கு 30 நாள் என்பது அரசு சொல்லும் கெடு. கெடு தாண்டியும் தகவல் இல்லை. கவுன்ட்டருக்குப் போனவர், “தம்பி, எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் நகையை வித்து வாங்கின இடம்பா…” என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. பின்னால் வரிசை நின்றது. “சர்வேயரைப் பாருங்கம்மா” என்று பதில் வந்தது. சர்வேயர் அறை பூட்டியிருந்தது. அவர் குரல் உயர்ந்தது. உள்ளேயும் குரல் உயர்ந்தது.

அடுத்த முறை போகுமுன் மகள் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொடுத்தாள். அதைப் பார்த்து அவர் சொன்னது இவ்வளவுதான்: “வணக்கம் சார். உட்பிரிவு பட்டா மாறுதல். விண்ணப்ப எண் இது, போட்ட தேதி இது, ஊரும் சர்வே எண்ணும் கீழே இருக்கு. இப்ப யார்கிட்ட நிலுவையில இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க.” அதே எழுத்தர் தாளை வாங்கித் தட்டினார். கிராம நிர்வாக அலுவலரைத் தாண்டி நில அளவரிடம் நிற்கிறது என்றார். “அளக்க எப்ப வருவாங்கன்னு தெரிஞ்சா பக்கத்து நிலத்துக்காரங்களையும் இருக்கச் சொல்லிடுறேன்” என்றார் அந்த அம்மா. எழுத்தர் நில அளவருக்கு அங்கிருந்தே போன் போட்டார். எல்லைக்காரர் இல்லாததால் திரும்பிப்போவது நில அளவர்களின் அன்றாடத் தொல்லை. அதைத் தீர்க்க ஒருவர் முன்வந்ததும் பேச்சே மாறிவிட்டது.

கேள்வியைக் கவனியுங்கள். ‘ஏன் இன்னும் முடியலை?’ என்று கேட்டால் எழுத்தர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பதில் சொல்வார். பட்டாவுக்கு ஒப்புதல் தருவது அவர் இல்லை. தாமதமும் பெரும்பாலும் அவருடையதாக இருக்காது. ‘யாரிடம் நிற்கிறது?’ என்பது அவரால் உட்கார்ந்த இடத்திலேயே பதில் சொல்லக்கூடிய கேள்வி. விளி விஷயத்திலும் ஒரு வார்த்தை: எழுத்தர் எவ்வளவு இளையவராக இருந்தாலும் ‘தம்பி’, ‘பாப்பா’ வேண்டாம். பாசமாகச் சொன்னாலும், வேலையில் சேர்ந்த புதிதில் இருப்பவருக்கு அது சுருக்கென்று படும். சார், மேடம் போதும். திங்கட்கிழமை காலையிலும் போகாதீர்கள். குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வட்டாட்சியர் ஆட்சியரகம் போயிருப்பார். ஜமாபந்தி நாள்களிலும் வேண்டாம்.

இதற்கெல்லாம் ஒரு எல்லை உண்டு. எண் இருப்பவருக்குத்தான் இந்த வழி. கவுன்ட்டரில் நேரடியாக மனு கொடுத்தவரிடம் ‘வச்சிட்டுப் போங்க’ என்றால் அவர் அடுத்த முறை எதைச் சொல்லித் தொடங்குவார்? மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு, நிராகரித்தால் காரணத்தோடு பதில் என்று 2015 செப்டம்பர் 21 தேதியிட்ட அரசாணை எண் 99 சொல்கிறது. ஆகவே நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகரவே கூடாது. ஆனால் அதை மனுதாரர் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பதே வெட்கக்கேடு.

பக்கத்துக் கர்நாடகத்தைப் பார்த்து நான் ஏங்குவது இதற்காகத்தான். அங்கே சேவை உறுதிச் சட்டத்தின் கீழ் 2012-இல் ‘சகாலா’ தொடங்கியது. விண்ணப்பம் கொடுத்ததும் ஜிஎஸ்சி எண்ணோடு ஒப்புகைச் சீட்டு தருகிறார்கள். எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். தாமதமானால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். பொறுப்பான அலுவலரிடமிருந்து அது பிடிக்கப்படும். தொகை அற்பம் என்று நம் அதிகாரிகள் சொல்வார்கள். தொகையா முக்கியம்? கெடு தாண்டிய நாளும் யார் பொறுப்பு என்பதும் பதிவாகிறது. எண்ணும் தேதியும் கையில் இருக்கும் விவசாயி, கவுன்ட்டரில் கதை சொல்ல வேண்டியதில்லை, கெஞ்ச வேண்டியதில்லை, சத்தம் போடவும் வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசம் 2010-லேயே இத்தகைய சட்டம் கொண்டுவந்துவிட்டது. தமிழ்நாட்டில் இன்னும் இல்லை. இங்கே எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது, சட்டம் எதற்கு என்பது செயலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சு; கவுன்ட்டர் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றவர் அதைச் சொல்ல மாட்டார்.

ஆட்கள் பற்றாக்குறை என்று ஊழியர் சங்கங்கள் சொல்வது உண்மைதான். அது தாமதத்துக்குக் காரணமாகலாம். ‘யாரிடம் நிற்கிறது’ என்று சொல்லாததற்குக் காரணமாகாது. சட்டத்தைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் எண்ணும் கெடு தேதியும் அச்சிட்ட சீட்டைக் கையில் கொடுங்கள். ஒரே ஆண்டில் கவுன்ட்டர் சண்டைகள் முக்கால்வாசி அடங்கிவிடும் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். அதுவரை, அந்த எச்சரிக்கைத் தாளுக்குப் பக்கத்திலாவது பிரிவுகளின் பெயரும் கெடு நாள்களும் எழுதிய பலகை ஒன்றை மாவட்ட ஆட்சியர்கள் மாட்டச் சொல்லட்டும்.