ஓராண்டில் வீடு கைமாறுமா?

ஸ்ரீராம்புரத்தில் பழைய அடுக்குமாடி வீட்டை வாங்கிப் புதுப்பித்து, ஓராண்டுக்குள் விற்றால் நல்ல லாபம் என்ற பேச்சு நம்மவரிடையே அடிபடுகிறது. 2014-இல் மெட்ரோ நிலையம் வந்த பிறகு இந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது. என் அபிப்பிராயம் வேறு.

உதாரணத்துக்கு, 25 வருடப் பழைய வீட்டை 50 லட்சத்துக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை, அதன் மேல்வரிகள், 2025 ஆகஸ்ட் இறுதியில் இரட்டிப்பான பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 7.6 சதவீதம், அதாவது 3.80 லட்சம். தரகு 50 ஆயிரம். புதுப்பிக்க 6 லட்சம். 35 லட்சம் கடனுக்கு 9 சதவீதத்தில் வருட வட்டி 3.15 லட்சம். பராமரிப்பு, வரி 40 ஆயிரம். விற்கும்போது தரகு 65 ஆயிரம். ஆக, 64½ லட்சத்துக்கு விற்றால்தான் கைக்காசு தப்பும். 68 லட்சத்துக்கு விற்றாலும், 24 மாதத்துக்குள் விற்பதால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரியாகும். 30 சதவீதக்காரருக்கு மிஞ்சுவது இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. கைப்பணத்தை வங்கியில் போட்டிருந்தால் அதில் பெரும்பகுதி வட்டியாகவே வந்திருக்கும்.

ஆறு லட்சத்தில் வேலை முடியுமா என்பதைக் குளியலறைதான் தீர்மானிக்கும். வாங்குமுன் கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் குளியலறைக் கூரையைப் பாருங்கள். வெள்ளைப் பூத்தோ, துருக்கறையோ தெரிந்தால் தரையைப் பெயர்த்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு செய்தாக வேண்டும். பூசியதும் ஓடு பதிக்க விடாதீர்கள். இரண்டு நாள் தண்ணீர் தேக்கி, கீழே கசிகிறதா என்று பார்த்த பிறகே ஓடு. பால்கனி அடிப்பாகத்தைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். ரயில்வேயில் நாங்கள் பாலங்களில் செய்ததுதான். பொத்தென்று ஒலித்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம். அது உங்கள் ஒருவர் செலவில் தீராது, கட்டடம் முழுவதன் நோய். அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

காலக்கணக்கு இன்னும் நெருக்கடி. டிசம்பரில் பதிவு செய்தால் ஜனவரியில் வேலை தொடங்கலாம். புதுப் பூச்சு காய ஒரு மாதம் விட்டு வண்ணம் அடித்தால் மே ஆகிவிடும். உடனே கன்னடக்காரர்களுக்கு ஆஷாடம், அடுத்து நம் ஆடி. யாரும் முன்பணம் தரமாட்டார்கள். ஆவணியில் ஆள் கிடைத்தாலும் அவருடைய வங்கிக் கடனுக்கு ஒன்றரை மாதம். இடையே மகாளயம் வேறு! உங்கள் பெயரில் இ-காதா இல்லாமல் மறுபதிவு நடக்காது. ஆகவே வாங்கிய வாரமே அதற்கு விண்ணப்பியுங்கள்.

வாங்கத்தான் வேண்டுமென்றால், இரண்டு வருடம் குடியிருந்தோ வாடகைக்கு விட்டோ பிறகு விற்கலாம். அப்போது லாபத்துக்கு வரி 12½ சதவீதம்தான். ஓராண்டுக் கணக்கு, சந்தை விலையைவிடப் பத்து லட்சமாவது குறைத்து வாங்க முடிந்தவருக்கே சரிப்படும். அப்படி யார் விற்கிறார், ஏன் விற்கிறார் என்பதை வில்லங்கச் சான்றில் பாருங்கள்.